பஸ் டிக்கெட் நம்பரைச் சேர்த்தாலும் ஆர்-ஸ்கொயர் ஏறும்: "95% மாடல்" விற்கிறவங்ககிட்ட கேட்க வேண்டியது என்ன?



"எங்க மாடல் 12 காரணிகளைப் பார்க்குது. ஆர்-ஸ்கொயர் 95%. அதனால மார்க்கெட் எங்க போகும்னு 95% சரியா சொல்லிடும்." இப்படி ஒரு ஸ்லைடை ஏதாவது டிரேடிங் வெபினார்ல நீங்க பார்த்திருக்கலாம். அடுத்த ஸ்லைடுல கோர்ஸ் ஃபீஸ் இருக்கும். மாசச் சம்பளத்துல இஎம்ஐ போக மிஞ்சுற பணத்தைத்தான் அங்க கேட்கறாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். காரணிகளை அடுக்கி ஏத்தின ஆர்-ஸ்கொயர் எதுக்குமே ஆதாரம் இல்லை. காரணியைச் சேர்த்தா அந்த எண் ஏறித்தான் ஆகும். அது கணக்கோட அமைப்பு, மாடலோட திறமை இல்லை. ஏன்னு ஒரு சின்ன கணக்குல பார்த்துடலாம்.

ஆர்-ஸ்கொயர் எதைச் சொல்லுது?

ஒரு ஃபண்டோட ஆறு மாச வருமானம், அதே மாசங்கள்ல இண்டெக்ஸ் வருமானம், ரெண்டையும் எடுத்துக்குவோம். கணக்கு எளிமையா இருக்கணும்னு நானே அமைச்ச எண்கள் இவை. கடைசி காலத்துல இருக்கிறது, அந்தந்த மாசம் முதல் தேதி நீங்க வாங்கின பஸ் டிக்கெட்டோட கடைசி இலக்கம். அதை இப்போதைக்கு மறந்துடுங்க.

| மாதம் | ஃபண்ட் % | இண்டெக்ஸ் % | டிக்கெட் |
|---|---|---|---|
| ஜனவரி | 1 | 1 | 3 |
| பிப்ரவரி | 0 | -2 | 4 |
| மார்ச் | 4 | 2 | 4 |
| ஏப்ரல் | 0 | 0 | 2 |
| மே | -1 | -1 | 3 |
| ஜூன் | 2 | 0 | 2 |

ஃபண்டோட சராசரி வருமானம் மாசத்துக்கு 1%. ஒவ்வொரு மாசமும் அந்தச் சராசரியில இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு பார்த்து, அதை வர்க்கம் எடுத்துக் கூட்டினா 16 வருது. இந்த 16-தான் நாம விளக்க வேண்டிய மொத்த ஏற்ற இறக்கம்.

இப்போ இண்டெக்ஸை மட்டும் வச்சு ரெக்ரஷன் போட்டா, "ஃபண்ட் = 1 + இண்டெக்ஸ்"ங்கிற கோடு கிடைக்கும். ஜனவரிக்கு அது 2% சொல்லுது, உண்மையில வந்தது 1%. பிப்ரவரிக்கு -1% சொல்லுது, வந்தது 0%. இப்படி ஆறு மாசத்துலயும் சரியா ஒரு சதவீதம் மேலயோ கீழயோ தப்புது. அந்தப் பிழைகளோட வர்க்கங்களைக் கூட்டினா 6.

ஆக, 16-ல 10 விளங்கிடுச்சு, 6 விளங்கல. ஆர்-ஸ்கொயர் = 10/16 = 62.5%. அவ்வளவுதான் விஷயம். நடந்து முடிஞ்ச ஏற்ற இறக்கத்துல எவ்வளவு பங்கு அந்தக் கோட்டுக்குள்ள அடங்குச்சுன்னு இந்த எண் சொல்லுது. "62.5% தடவை சரியா கணிக்கும்"னு இதுக்கு அர்த்தமே கிடையாது.

இப்போ டிக்கெட்டையும் உள்ள விடுவோம்

டிக்கெட்டோட கடைசி இலக்கத்துக்கும் ஃபண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அதை இரண்டாவது காரணியா கொடுத்தா, ரெக்ரஷன் இந்தக் கோட்டைத் தரும்:

```
fund = -0.5 + 1.0*index + 0.5*ticket
```

இதோட பிழை வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்க. 6-ஆ இருந்தது 5-ஆ குறைஞ்சிருக்கும். ஆர்-ஸ்கொயர் 11/16, அதாவது 68.75%. பஸ் டிக்கெட் நமக்கு ஆறேகால் சதவீதம் "விளக்கம்" கொடுத்திருக்கு! எக்செல்ல நீங்களே சரிபார்க்கலாம். மேல இருக்கிற அட்டவணையை A1-ல இருந்து ஒட்டிட்டு இந்த ரெண்டு ஃபார்முலாவையும் போடுங்க:

```
=RSQ(B2:B7,C2:C7)
=INDEX(LINEST(B2:B7,C2:D7,TRUE,TRUE),3,1)
```

முதல்லது 0.625 காட்டும், இரண்டாவது 0.6875 காட்டும்.

ஏன் எப்பவுமே ஏறுது?

ரெக்ரஷனுக்கு நாம கொடுக்கிற உத்தரவு ஒண்ணே ஒண்ணுதான்: பிழை வர்க்கங்களோட கூட்டுத்தொகையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறை. புதுசா ஒரு காரணி வந்தா, அதை எந்த எண்ணால பெருக்கணும்னு முடிவு பண்ற சுதந்திரம் அதுக்குக் கிடைக்குது. அந்த எண்ணை 0-னு வச்சா பழைய கோடே அப்படியே திரும்ப வந்துடும், பிழையும் பழைய 6-தான். அதனால மோசமாக வாய்ப்பே இல்லை. 0-வைத் தவிர வேற எந்த எண்ணாவது பிழையைத் துளி குறைச்சாலும் அதை எடுத்துக்கும். நம்ம கணக்குல அந்த எண் 0.5.

அப்போ ஏறாம அப்படியே நிக்க என்ன நடக்கணும்? பழைய கோடு விட்டுவெச்ச பிழைகளோட டிக்கெட் நம்பருக்கு இருக்கிற தொடர்பு துல்லியமா பூஜ்யமா இருக்கணும். ஆறு மாசமோ அறுபது மாசமோ, நிஜ டேட்டாவுல அப்படி அமையறது ரொம்ப ரொம்ப அரிது. கண்டிப்பா சொன்னா "இறங்கவே இறங்காது", நடைமுறையில "எப்பவும் ஏறும்".

அக்கவுண்ட்ஸ் பார்க்கறவங்களுக்கு இது புதுசு இல்லை. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டு ரெண்டு பக்கத்தையும் சமமாக்குவாங்க. டேலி ஆயிடும். ஆனா தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுதா? இல்லை. பஸ் டிக்கெட் காலம் செய்யறதும் அதேதான்.

இதை எல்லை வரைக்கும் கொண்டு போங்க. இண்டெக்ஸையே தூக்கிட்டு, அஞ்சு வெவ்வேறு பஸ் டிக்கெட் காலங்களை மட்டும் வச்சா என்ன ஆகும்? ஆறு மாச டேட்டாவுக்கு அஞ்சு பெருக்கெண்ணும் ஒரு மாறிலியுமா மொத்தம் ஆறு எண்களை ரெக்ரஷன் தன் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். ஒரு டிக்கெட் காலம் இன்னொண்ணுல இருந்து கணக்குப்படி வராத வரைக்கும், கோடு ஆறு புள்ளியையும் தொட்டுட்டுப் போகும். ஆர்-ஸ்கொயர் 100%. 11 வருஷ டேட்டாவும் சம்பந்தமே இல்லாத 5 காரணிகளும் இருந்தா, சராசரியா 50% சும்மாவே கிடைச்சுடும்.

ஒரு நிபந்தனையைச் சொல்லிடணும். பழைய காரணிகள் அப்படியே இருக்கணும், டேட்டா வரிசைகளும் மாறக்கூடாது. புது காலத்துல சில மாசம் காலியா இருந்தா, சாஃப்ட்வேர் அந்த வரிசைகளையே விட்டுடலாம். அப்போ ஆர்-ஸ்கொயர் இறங்கவும் செய்யும். அது வேற டேட்டாவோட கணக்கு, ரெண்டையும் ஒப்பிடக்கூடாது.

வங்கதேச வெண்ணெயும் அமெரிக்கப் பங்குச்சந்தையும்

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. டேவிட் லைன்வெபர்ங்கிற அமெரிக்க நிதி ஆய்வாளர், இந்த ஆபத்தைக் காட்டவே 1990-கள்ல வேணும்னே ஒரு வேலை செஞ்சார். எஸ்&பி 500 இண்டெக்ஸோட பத்துப் பன்னிரண்டு வருஷ அளவுகளை எடுத்துக்கிட்டு, உலக நாடுகளோட புள்ளிவிவரங்கள்ல எது அதோட பொருந்துதுன்னு தேடினார். சிக்கினது வங்கதேசத்தோட வெண்ணெய் உற்பத்தி. அது ஒண்ணுக்கே ஆர்-ஸ்கொயர் 75%. அமெரிக்கப் பாலாடைக்கட்டி உற்பத்தியையும் சேர்த்ததும் 95%. ரெண்டு நாட்டுச் செம்மறியாடுகளோட எண்ணிக்கையையும் சேர்த்ததும் 99%.

அங்க ரெண்டு விஷயம் சேர்ந்து வேலை செஞ்சிருக்கு. வருஷங்கள் குறைவு, காரணியைச் சேர்க்கச் சேர்க்க எண் தானா ஏறுது. அதோட, ஆயிரக்கணக்கான புள்ளிவிவரங்கள்ல பொருந்தினதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கார். அந்த 99%-ஐ நம்பி ஆடு எண்ணிக்கையைப் பார்த்து யாராவது பணம் போட்டா என்ன ஆகும்?

நம்ம கணக்கிலேயே பார்க்கலாம். ஜூலையில இண்டெக்ஸ் 1% ஏறுதுன்னு வைங்க. இண்டெக்ஸ் மட்டும் இருக்கிற மாடல் ஃபண்டுக்கு 2% சொல்லும். டிக்கெட் சேர்த்த "மேம்பட்ட" மாடலோ, உங்க டிக்கெட் 9-ல முடிஞ்சா 5% சொல்லும், 0-ல முடிஞ்சா 0.5% சொல்லும். பழைய மாசங்களுக்கு நல்லா பொருந்த உதவின அதே 0.5-தான் புது மாசத்துல கணிப்பைக் கெடுக்குது.

"நாங்க அட்ஜஸ்டட் ஆர்-ஸ்கொயர் பார்க்கறோம் சார்"

விவரமானவங்க இப்படிச் சொல்வாங்க. அட்ஜஸ்டட் ஆர்-ஸ்கொயர், ஒவ்வொரு காரணிக்கும் ஒரு அபராதம் போடும். நம்ம கணக்குல இண்டெக்ஸ் மட்டும் இருந்தப்போ அது 53%, டிக்கெட் சேர்த்ததும் 48%-ஆ இறங்கிடுது. இந்தத் தடவை அது சரியா காட்டிக் கொடுத்துடுச்சு.

ஆனா அந்த அபராதம் லேசானது. சம்பந்தமே இல்லாத ஒரு காரணியைச் சேர்த்தாலும், ஏறக்குறைய மூணுல ஒரு தடவை அட்ஜஸ்டட் எண்ணும் ஏறிடும். 20 குப்பைக் காலங்களை ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்து, ஏத்தினதை மட்டும் வச்சுக்கிட்டா, ஆறேழு காலம் கைல நிக்கும். தூக்கிப் போட்ட மத்த காலங்களை ஸ்லைடுல யாரும் காட்ட மாட்டாங்க. அதனால அட்ஜஸ்டட்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் நிம்மதி ஆயிடாதீங்க.

கேட்க வேண்டிய மூணு கேள்வி

ஒண்ணு: எத்தனை வருஷ அல்லது மாச டேட்டா, எத்தனை காரணி? டேட்டா எண்ணிக்கையும் காரணி எண்ணிக்கையும் நெருங்க நெருங்க, ஆர்-ஸ்கொயருக்கு மதிப்பு குறையுது.

ரெண்டு: மொத்தம் எத்தனை காரணிகளைப் போட்டுப் பார்த்து இந்த 12-ஐ எடுத்தீங்க?

மூணு: மாடலைக் கட்டும்போது தொடாம ஒதுக்கி வச்ச காலகட்டத்துல பிழை எவ்வளவு? முக்கியமான கேள்வி இதுதான். பழைய டேட்டாவுல பஸ் டிக்கெட் ஜெயிச்சுடும், புது டேட்டாவுல பெரும்பாலும் மாட்டிக்கும். இதுக்கு எண்ணோட பதில் வரலைன்னா, அந்த 95%-க்கு ஒரு ரூபாய்கூட கொடுக்க வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து.

கடைசியா ஒண்ணு. மியூச்சுவல் ஃபண்ட் தகவல் தளங்கள்ல வர்ற ஆர்-ஸ்கொயரைப் பார்த்து இதே சந்தேகம் வேண்டாம். அங்க பெரும்பாலும் காரணி ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஃபண்டோட பெஞ்ச்மார்க். அது 97-னு இருந்தா ஃபண்ட் நல்ல ஃபண்ட்னு அர்த்தம் இல்லை, பெஞ்ச்மார்க்கோட ஏற்ற இறக்கத்தையே ஒட்டிப் போகுதுன்னு அர்த்தம். அப்படி ஒரு ஆக்டிவ் ஃபண்டுல உங்க எஸ்ஐபி ஓடிட்டு இருந்தா, அதோட எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை ஒரு இண்டெக்ஸ் ஃபண்டோடதுக்குப் பக்கத்துல வச்சு இன்னைக்கே பாருங்க.