ஃபேனை வாங்கிவிட்டுச் சுவரை உடையுங்கள்!

மிளகாய் வற்றலைத் தாளித்ததுமே வீடு முழுக்கத் தும்மல். "அதான் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதே?" என்று ஹாலிலிருந்து ஒரு குரல் வரும். ஓடுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் புகை எந்த வழியாக அந்த ஃபேனுக்குப் போகிறது என்று யாராவது நின்று பார்த்திருக்கிறோமா?

என் தங்கையின் புது வீட்டில் நான் பார்த்தேன். அடுப்பு கிழக்குச் சுவரை ஒட்டி. ஃபேனோ அவள் முதுகுக்குப் பின்னால், மேற்குச் சுவரில். ஸ்விட்ச் பாயின்ட் அங்கேதான் இருந்ததாம், எலெக்ட்ரீஷியன் அங்கேயே போட்டுவிட்டார். ஃபேனைப் போட்டதும் வாணலியின் புகை நேரே அவள் முகத்தைத் தடவிக்கொண்டு பின்பக்கம் போகிறது! ஃபேன் இல்லாவிட்டாலே அவள் கொஞ்சம் குறைவாக இருமியிருப்பாள்.

இது வெறும் தும்மல் விவகாரம் இல்லை. அதிகச் சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது வரும் புகை, அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. எனவே ஃபேன் எங்கே வரவேண்டும் என்பதை, தினமும் அடுப்பின் முன் நிற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அளவு. தங்கை வீட்டுச் சமையலறை 10 அடிக்கு 8 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 800 கன அடி காற்று. சமைக்கும்போது இந்தக் காற்று மணிக்கு 15 முதல் 20 தடவை வெளியேற வேண்டும் என்று கணக்கு வைப்பார்கள். 20 தடவை என்றால் 16,000 கன அடி, அதாவது சுமார் 450 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது 450-க்குக் குறையாமல் இருந்தால் போதும்.

அடுத்தது ஓட்டை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். '8 அங்குல ஃபேன்' என்பது இறக்கை சுற்றும் வட்டத்தின் அளவு. சுவருக்குள் போகும் சட்டம் அதைவிடப் பெரிது. பிளாஸ்டிக் ஃபேனுக்குப் பெரும்பாலும் 10 அங்குலச் சதுரம் வரை பிடிக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கொத்தனார் முதலில் 8 அங்குலம் உடைத்தார், ஃபேன் நுழையவில்லை. திரும்ப ஒரு அடிக்கு மேல் உடைத்து, மீதி இடத்தை அட்டையால் அடைத்தார். அட்டை விலகியதும், வெளியே தள்ளிய காற்றில் பாதி அந்த இடுக்கு வழியாகவே உள்ளே திரும்பியது. ஆகவே ஃபேனை வாங்கி, உள்ளே வந்திருக்கும் தாளில் உள்ள அளவைப் பார்த்து, பக்கத்துக்குக் கால் அங்குலம் மட்டும் கூட்டி உடைக்கச் சொல்லுங்கள். சுற்றியுள்ள இடுக்கைச் சிமென்ட் பூசி அடைத்துவிட வேண்டும்.

இனி உயரம். அடுப்புக்கு மேலே 2½ அடி என்று சிலர் சொல்வார்கள். அது சிம்னிக்கு உள்ள கணக்கு. எக்ஸாஸ்ட் ஃபேனை அவ்வளவு தாழ்வாக வைத்தால் சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் நேரே மோட்டாரில் ஏறும், சுடரும் ஆடும். கை படாமல் இருக்க, இறக்கை தரையிலிருந்து 2.3 மீட்டர், அதாவது 7½ அடிக்கு மேல் இருக்க வேண்டும். மேடை 33 அங்குலம், அடுப்பு 5 அங்குலம் என்றால் பர்னர் 3 அடி 2 அங்குலத்தில் இருக்கும். ஆக, பர்னருக்கும் ஃபேனுக்கும் இடையே 4 அடிக்குச் சற்று அதிகமாக வரும். அடுப்பு ஒட்டியிருக்கும் சுவரிலேயே, அடுப்புக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் தள்ளி வையுங்கள். நடுவில் பரண் குறுக்கிட்டால் புகை அதன் அடியிலேயே தேங்கிவிடும். அடுப்புக்கு மேலே மட்டுமாவது பரண் வேண்டாம்.

தங்கை வீட்டில் ஃபேனைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். அப்படியும் புகை சரியாகப் போகவில்லை! காரணம், ஃபேனுக்குப் பக்கத்திலிருந்த ஜன்னல். அதன் வழியே வந்த காற்றையே ஃபேன் உறிஞ்சித் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஜன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கத்து ஹால் கதவைத் திறந்ததும் புகை மேலேறிப் போனது.

உங்கள் வீட்டிலும் சோதித்துப் பாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, ஃபேனைப் போட்டு, பர்னருக்கு மேலே ஓர் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை உங்கள் முகத்துக்கு வராமல் ஃபேனுக்குப் போனால் சரி. முகத்துக்கு வந்தால், இத்தனை நாளும் அந்த ஃபேன் வடிகட்டியது உங்கள் மூக்கின் வழியாகத்தான்!