சம்மரி ஸ்லைடுக்கு முன்னாடி...

நாலு பேர் டீம், ஆளுக்கு மூணு ஸ்லைடு. ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டுவீங்க. ஒட்டின கையோட கடைசி 'சம்மரி' ஸ்லைடை எழுத உட்கார்ந்துடாதீங்க பாஸ்! அதுக்கு முன்னாடி மூணு வேலை பாக்கியிருக்கு.

மாடித் தொட்டி நிரம்பினதும் மோட்டாரை நிறுத்துற ப்ராஜெக்ட்னு வெச்சுக்குவோம். உங்க ஸ்லைடு இங்கிலீஷ்ல இருக்கும்; இங்கே தமிழ்லயே பார்க்கலாம்.

முதல் வேலை, காலம். ஒருத்தர் 'சென்சார் பொருத்தினோம்'னு எழுதியிருப்பார். இன்னொருத்தர், 'எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது'ன்னு போட்டிருப்பார். ஆனா, எஸ்.எம்.எஸ். வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! அது அப்படியே சம்மரிக்குப் போனா, 'எங்கே, ஒண்ணு அனுப்பிக் காட்டுங்க'ன்னு எக்ஸ்டர்னல் கேட்பார். அப்புறம் முழிக்கணும். அதுக்காக எல்லா வரியையும் ஒரே காலத்துக்கு மாத்தினாலும் தப்புதான். முடிச்ச வேலைக்கு இறந்தகாலம், கருவி இப்போ செய்றதுக்கு நிகழ்காலம், இனிமே செய்யப் போறதுக்கு எதிர்காலம். இந்தக் கணக்கு எல்லா ஸ்லைடுலயும் ஒண்ணா இருந்தாப் போதும்.

ரெண்டாவது, பேர். ஒரே ஆர்டுயினோவை ஒருத்தர் 'போர்டு'ன்னும், இன்னொருத்தர் 'கன்ட்ரோலர்'னும் எழுதினா, பார்க்கிறவர் அதை ரெண்டு பொருளா எண்ணிக்குவார். ஒரு பேரை முடிவு பண்ணி, Ctrl+H அடிச்சு மாத்துங்க. Replace All மட்டும் வேணாம். 'போர்டு' எல்லாமே 'ஆர்டுயினோ'ன்னு மாறும்போது, 'ரிலே போர்டு'ம் 'ரிலே ஆர்டுயினோ' ஆகிடும்! ஒவ்வொண்ணா பார்த்து மாத்துங்க. படமா ஒட்டின சர்க்யூட்டுக்குள்ள இருக்கிற எழுத்து இதுல மாறாது. அதைத் தனியா திருத்தணும்.

மூணாவது, பட்டியல். 'தண்ணீர் மட்டம் அளவீடு', 'மோட்டார் தானாக நிற்கிறது', 'செலவு எவ்வளவு?' - ஒரே ஸ்லைடுல ஒண்ணு தலைப்பு, ஒண்ணு வாக்கியம், ஒண்ணு கேள்வி. இதுல இருந்து சுருக்கம் எடுக்கவே முடியாது. 'மட்டத்தை அளக்கிறது', 'மோட்டாரை நிறுத்துகிறது'ன்னு ஒரே அச்சுல வார்த்துடுங்க. செலவு கருவி செய்ற வேலை இல்லையே? அதுக்கு வேற ஸ்லைடு.

இதையெல்லாம் ஸ்லைடு ஸ்லைடா புரட்டிப் பார்த்தா கண்ணுக்குத் தப்பிடும். பவர்பாயின்ட்ல View போய் Outline View வைங்க. மொத்த எழுத்தும் ஒரே பத்தியா இறங்கி வரும். தனி டெக்ஸ்ட் பாக்ஸ்ல அடிச்சது மட்டும் அதுல வராது. அதை ஸ்லைடுலதான் பார்க்கணும்.

இப்போ சம்மரி எழுதுங்க. ஸ்லைடுக்கு ஒரு வரி, வார்த்தை மாத்தாம எடுக்க முடியுதா? அப்போ டெக் ரெடி. ஏதாவது ஒரு வரியைப் புதுசா எழுத வேண்டியிருந்தா, கோளாறு சம்மரியில இல்லை, அந்த ஸ்லைடுல!