பள்ளி அகப்பக்கம்: எது திறந்திருக்கலாம், எதற்குப் பூட்டு வேண்டும்

பேராக்கில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த வட்டாரத்தில் இயங்குகிறது எங்கள் தமிழ்ப்பள்ளி. அதற்கு அகப்பக்கம் அமைக்கும் திட்டம் இப்போது மேலாளர் வாரியத்தின் பார்வையில் இருக்கிறது. மாணவர் பதிவு, சுற்றறிக்கை, நாள்காட்டி, கட்டண அறிவிப்பு ஆகிய நான்கு பகுதிகளையும் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கீழே சொல்லும் திருத்தங்களோடு, ஆதரிக்கிறது. ஐந்தாவதான பெற்றோர் நுழைவுப் பகுதியை, வரைவில் உள்ளபடி, நாங்கள் ஏற்கவில்லை.

வரைவின்படி, பிள்ளையின் மைகிட் எண்தான் பயனர் பெயர், பிறந்த தேதிதான் கடவுச்சொல். பெற்றோருக்கு மறக்காது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் மைகிட் எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதிதான். பூட்டின் மேலேயே சாவியையும் மாட்டி வைத்த கதை இது.

எண் தெரியாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். 2017 மே 9-இல் பேராக்கில் பிறந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அவன் எண் `170509-08-` என்று தொடங்கும். 08 பேராக்கின் குறி. மிச்சம் நான்கு இலக்கம், அதாவது பத்தாயிரம் வாய்ப்பு. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் அது ஐயாயிரமாகக் குறைகிறது. இத்தனை முறை தவறினால் கதவு மூடும் என்ற தடை இல்லாத தளத்தில், ஒரு சின்ன நிரல் இதைச் சீக்கிரமே முடித்துவிடும். பிறந்த தேதி எங்கே கிடைக்கும்? நம் முகநூல் பக்கத்தில் கேக் படத்தோடு நாமே போடுகிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை: மைகிட் எண் அகப்பக்கத்தின் எந்த மூலையிலும் பயனர் பெயராக வரக்கூடாது. தேர்ச்சி அறிக்கை வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வரும் நாளில், வகுப்பாசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் தற்காலிகக் குறியீட்டைக் கையில் கொடுக்கட்டும். முதல் நுழைவிலேயே அது மாற்றப்பட வேண்டும். கடவுச்சொல்லை மறந்தவர் பள்ளி அலுவலகத்துக்கு வந்து புதுச்சீட்டு வாங்கலாம். கொஞ்சம் அலைச்சல்தான். அறுபது, எழுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் யார் அம்மா, யார் அத்தை என்று ஆசிரியருக்குத் தெரியும். அந்த வசதியை ஏன் விட வேண்டும்?

தளத்தை ஏற்றுக்கொள்ளும் முன் ஒரு சோதனை செய்தாக வேண்டும். ஒரு பெற்றோர் தம் ரசீதைத் திறந்ததும் முகவரிப் பட்டையில் இப்படித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
/resit?id=214
```

அதில் 214-ஐ 215 ஆக்கித் தட்டிப் பாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் ரசீது திறந்தால் அந்தத் தளம் பூட்டப்படவே இல்லை என்று பொருள். நுழைந்தவர் யார் என்று மட்டும் பார்த்துவிட்டு, கேட்ட தாள் அவருடையதா என்று பார்க்காததால் வரும் பிழை இது. இதைச் சரிசெய்யும் வரை தளம் அமைப்பவருக்குக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கக் கூடாது.

கட்டண அறிவிப்பில் சொல்லே தவறாக இருக்கிறது. 2012 முதல் அரசுப் பள்ளிகளில் பள்ளிக் கட்டணம் இல்லை. நாம் வாங்குவது சங்கத்துக்கான நன்கொடை. பக்கமும் அப்படியே சொல்ல வேண்டும். எவ்வளவு, எதற்கு, எந்த ஆண்டுக் கூட்டத்தில் முடிவானது என்று மூன்று வரி போதும். கொடுத்தவர், கொடுக்காதவர் பெயர்ப்பட்டியல் புலனக் குழுவில் வந்து, ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்ற காட்சியை நாங்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட பட்டியல் கடவுச்சொல்லுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது.

மாணவர் பதிவுப் பகுதியில் நாமாக ஒரு பாரம் வைத்து அடையாள அட்டை நகல் கேட்க வேண்டாம். முதலாம் ஆண்டுப் பதிவு கல்வி அமைச்சின் `idMe` தளத்தில் நடக்கிறது. அதற்கான இணைப்பும், பள்ளிக்குக் கொண்டுவர வேண்டிய சான்றுகளின் விவரமும் இருந்தால் சரி. பள்ளி இருக்கும் இடத்துக்கு வரைபடம் கட்டாயம். பெயரில் இன்னும் ‘லாடாங்’ என்றிருப்பதை நம்பித் தேடி வருபவரைக் கைப்பேசி பழைய தோட்டத்துச் செம்பனைக்குள் கொண்டுபோய் விடுகிறது.

நாள்காட்டி பேராக் சேர்ந்துள்ள ‘பி’ குழுவுக்கு உரியதாக இருக்க வேண்டும். பள்ளி ஆண்டு 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டதால், மார்ச்சில் தொடங்கும் பழைய தாள்களை எடுத்துவிட வேண்டும். சுற்றறிக்கையை ஸ்கேன் செய்த படமாக ஏற்றாமல் எழுத்தாகவே, யூனிகோடில் போட வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் ‘விடுமுறை’ என்ற சொல் வெறும் குறிகளாகத்தான் தெரியும்.

திறந்த நான்கு பகுதிகளையும் இப்போதே தொடங்கலாம். தளத்தின் கணக்கும் முகவரியும் பள்ளியின் பெயரில் இருக்கட்டும். அமைத்துக் கொடுத்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடக் கூடாது. பெற்றோர் நுழைவுப் பகுதி, மேற்சொன்ன சோதனையை எங்கள் செயற்குழு முன்னிலையில் நடத்திக் காட்டிய பிறகு திறக்கப்படட்டும்.