புள்ளியும் நீதிமன்றமும்

பரீட்சகர் இட்ட புள்ளியை நீதிபதி திருத்துவதில்லை. அத்துறையறிவு தமக்கில்லை என நீதிமன்றங்கள் ஒதுங்கி நிற்பது நன்றே. ஆயின் இவ்வடக்கத்தின் எல்லை யாது?

2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களைப் பயின்ற இருசாரார் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதினர். மாணவன் தன் கூட்டத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறான் என்பதையே இசட் புள்ளி காட்டும். இரு கூட்டங்களையும் கலந்து கணித்தால், கடினமான தாள் வாய்த்தவன் தன் குற்றமின்றியே கீழிறங்குவான். வயலை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பித்த கமக்காரனுக்கு இது சிறு பிழையா? 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்து, இருசாராருக்கும் தனித்தனியே கணிக்கப் பணித்தது. விடைத்தாளுக்கு இட்ட புள்ளியில் அது கைவைக்கவில்லை. கணித்த முறையையே கண்டித்தது.

மருத்துவ சபையின் ஒழுக்க விசாரணைக்கும் இவ்வளவுகோலே பொருந்துமென்பது எமது கருத்து. சிகிச்சை தக்கதா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். குற்றச்சாட்டை முன்னரே அறிவித்தார்களா, மறுமொழி கேட்டார்களா, முறையிட்டவரே தீர்ப்பிலும் அமர்ந்தாரா என்பவற்றை நீதிமன்றம் கேட்கட்டும்.