மெக்சிகோ நகரின் இரு நிலநடுக்கங்களும் பரப்பலைகளும்

நிலநடுக்கத்தில் பெருஞ்சேதம் விளைவிப்பவை பரப்பலைகளே என்று பாடநூல்கள் சொல்லும் கூற்று, தொலைவு, ஆழம், அலைவு நேரம் ஆகிய மூன்றும் உடன் சொல்லப்படும்போதுதான் முழுமை பெறுகிறது. அவை விடுபட்டால் அக்கூற்று கட்டட வடிவமைப்பாளரைத் தவறான இடத்தில் கவலைப்பட வைத்துவிடும். மெக்சிகோ நகரம் 1985-லும் 2017-லும், வியப்பான தற்செயலாக இரு முறையும் செப்டம்பர் 19-ஆம் நாளிலேயே, சேதமுற்றது. மண் ஒன்றே, கட்டட மரபும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், அலைகளின் வேறுபாட்டைத் தனித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

புவியின் உட்பகுதியூடே எல்லாத் திசைகளிலும் பரவுபவை உள்ளலைகள். அவற்றுள் பாறையை அமுக்கியும் தளர்த்தியும் செல்லும் பி அலை, மேலோட்டில் வினாடிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 கிலோமீட்டர் வேகத்திலும், பாறையைப் பக்கவாட்டில் வெட்டி அசைக்கும் எஸ் அலை 3.5 முதல் 4 கிலோமீட்டர் வேகத்திலும் செல்கின்றன. பரப்பலைகள், நிலத்தின் மேற்பரப்பு என்னும் எல்லை இருப்பதாலேயே உருவாகி, அதை ஒட்டியே பரவுபவை. துகள்களை நீள்வட்டப் பாதையில் பின்னோக்கிச் சுழற்றும் ராலே அலை, லார்டு ராலே 1885-இல் கணக்கிட்டுக் காட்டியது. பக்கவாட்டில் மட்டும் அசைக்கும் லவ் அலையை ஏ.இ.எச். லவ் 1911-இல் விளக்கினார். சீரான பாறையில் ராலே அலையின் வேகம் எஸ் அலையுடையதில் ஏறத்தாழ 92 விழுக்காடே என்பதால், பரப்பலைகள் எப்போதும் பின்தங்கியே வந்து சேரும்.

1985-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பிளவு, பசிபிக் கரையில் மிச்சோவாகான் மாநிலத்தை ஒட்டி, 8.0 திறனுடன் நிகழ்ந்தது. தலைநகரம் அங்கிருந்து சுமார் 380 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பி அலைக்கு வினாடிக்கு 7, எஸ் அலைக்கு 4, பரப்பலைக்கு 3 கிலோமீட்டர் எனச் சராசரி வேகங்களைத் தோராயமாகக் கொண்டால், அவை முறையே 54, 95, 127 வினாடிகளில் நகரை எட்டியிருக்க வேண்டும். இந்த வரிசையை விடவும் முக்கியமானது, ஒவ்வொன்றும் வழியில் எவ்வளவு தேய்ந்தது என்பது. உள்ளலையின் ஆற்றல் கோளப் பரப்பில் விரிவதால் அதன் வீச்சு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. பரப்பலையின் ஆற்றலோ வட்ட விளிம்பில் மட்டுமே விரிவதால் வீச்சு தொலைவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது. ஆகவே 20 கிலோமீட்டரிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் செல்லும்போது உள்ளலை இருபதில் ஒரு பங்காகச் சுருங்குகையில், பரப்பலை நான்கரையில் ஒரு பங்காகவே சுருங்குகிறது.

இதனுடன் பாறையின் உராய்வு இழப்பும் சேர்கிறது. ஒவ்வொரு அலைவிலும் ஆற்றலில் ஏறத்தாழ ஒரே விழுக்காடு இழக்கப்படுவதால், 0.2 வினாடி அலைவு நேரம் கொண்ட அலை அந்த 400 கிலோமீட்டரைக் கடக்கையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட முறை வரி செலுத்துகிறது. 2 வினாடி அலையோ ஐம்பது, அறுபது முறையோடு தப்பிவிடுகிறது. குறு அலைகள் இவ்வாறு வழியிலேயே மடிய, தலைநகரை அடைந்தவை பெரும்பாலும் நீண்ட அலைவு நேரம் கொண்ட, மேலோட்டுக்குள் சிறைப்பட்டு வந்த எஸ் ஆற்றலும் பரப்பலைகளுமே. பரப்பலைகளுள்ளும் அலைநீளம் மிக்கவை ஆழத்திலுள்ள வேகமான பாறையை எட்டி முந்திவர, குறுகியவை பின்தங்குவதால், அலைத்தொடர் தொலைவுக்கேற்ப நீண்டு, அதிர்வின் கால அளவும் கூடுகிறது.

இந்த அலைகளை எதிர்கொண்டது பழைய ஏரியின் களிமண் படுகை. கடற்கரையில், பிளவுக்கு நேர் மேலே இருந்த காலெட்டா தெ கம்போஸ் பாறைத் தளத்தில் பதிவான உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.14 பங்கு, தலைநகரின் மேட்டுப்பகுதியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் 0.03 முதல் 0.04 பங்கு. ஆனால் அதே நகரின் ஏரிப்படுகையில், எஸ்.சி.டி. எனப்படும் பதிவு நிலையத்தில் 0.17 பங்கு பதிவாயிற்று. அந்நிலையத்தின் கீழே களிமண்ணின் தடிப்பு ஏறத்தாழ 38 மீட்டர், அதனுள் எஸ் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 76 மீட்டர். அடுக்கின் இயல்பான அலைவு நேரம் T = 4H/V என்பதால் அது சரியாக 2 வினாடியாகிறது; அதாவது வந்த அலை எந்தத் தாளத்தில் வந்ததோ, அதே தாளத்தில் மண்ணும் ஆடியது. சேதம் 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்களில் செறிந்தது. மாடிக்கு 0.1 வினாடி எனக் கொள்ளும் வழக்கமான மதிப்பீட்டில் அவற்றின் அலைவு நேரம் 2 வினாடிக்குக் குறைவே எனினும், மென்மண்ணில் அடித்தளம் நெகிழ்வதாலும் தூண்களில் விரிசல் கண்டபின் விறைப்பு குறைவதாலும் அது நீண்டு, அதிர்வின் தாளத்தை நோக்கியே நகர்ந்தது. தாழ்ந்த பழைய கட்டடங்கள் பல தப்பியதும், மிக உயர்ந்த லத்தீன் அமெரிக்கக் கோபுரம் நிலைத்ததும் இத்தாளத்துக்கு இருபுறமும் அவை விலகி நின்றதோடு பொருந்துகின்றன. ஒத்ததிர்வை மண்ணின் வேலையாகவே கொண்டு பரப்பலையின் பங்கைக் குறைத்துப் பேசுவோரும் உண்டு. எனினும் மண்ணுக்கு அந்த 2 வினாடி ஆற்றலை 380 கிலோமீட்டர் சுமந்து வந்தது யார் என்ற கேள்வி அவ்வாதத்தில் விடுபட்டுப்போகிறது.

2017-இல் நிலைமை தலைகீழானது. 7.1 திறன் கொண்ட அந்நிலநடுக்கம், நகருக்கு 120 கிலோமீட்டர் அளவிலேயே, கண்டத்தட்டுக்கு அடியில் புதைந்த தட்டினுள், 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் நிகழ்ந்தது. பரப்பலையின் அசைவு ஆழம் செல்லச் செல்ல மங்கி, ஏறத்தாழ ஓர் அலைநீளத்துக்குக் கீழே மறைந்துவிடுவதாலும், ஆழத்திலுள்ள மூலம் அதைத் தூண்டும் திறனும் அதே அளவில் மங்குவதாலும், 2 வினாடி அலைவு நேரத்தில் 6 கிலோமீட்டர் அலைநீளம் மட்டுமே கொண்ட பரப்பலையை அந்த மூலத்தால் எழுப்ப முடியவில்லை. நகரைத் தாக்கியவை முதன்மையாக நேராக எழுந்து வந்த எஸ் அலைகள். குறுகிய வழியில் தேய்வும் குறைவு. மேட்டுப்பகுதியில் உச்ச முடுக்கம் 1985-ஐ விட உயர்ந்தே பதிவாகியும், 2 வினாடிக்கு மேற்பட்ட பகுதியில் அசைவு அதைவிடத் தாழ்ந்தே இருந்தது. எனவே சேதம் படுகையின் நடுவிலிருந்து விலகி, களிமண் மெலிந்து அலைவு நேரம் 1 முதல் 1.5 வினாடி வரை இருக்கும் மேற்கு விளிம்புக்கு நகர, 4 முதல் 7 மாடிக் கட்டடங்கள் பலியாயின. கடற்கரை நிலநடுக்கங்களுக்கு ஒரு நிமிட அளவில் அவகாசம் தரும் நகரின் எச்சரிக்கை ஒலியும் அன்று சில வினாடிகளே முந்தியது. இத்தனைக்கும் 1985-இன் நினைவாக அன்று காலையில்தான் பயிற்சி நடந்திருந்தது.

சுமத்ரா அருகே 2012 ஏப்ரல் 11-இல் நிகழ்ந்த 8.6 திறன் நிலநடுக்கத்தைச் சுமார் 1,800 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையின் மாடிக் கட்டடங்கள் உணர்ந்தமை, நீண்ட அலைகளின் எட்டும் தொலைவு தமிழகத்துக்கும் அயலானதன்று என்பதைக் காட்டுகிறது. ஐ.எஸ். 1893 விதிநூலின் 2016 பதிப்பிலுள்ள வடிவமைப்பு நிறமாலை, மென்மண்ணுக்கும் 0.67 வினாடியில் உச்சத் தளத்தை முடித்து, அதன்பின் அலைவு நேரத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்குகிறது. 2 வினாடியில் அது உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கே. எஸ்.சி.டி. போன்ற படுகையில் அசைவு உச்சம் பெறும் இடமும் அதுவே. தடித்த மென்மண்ணில் உயரமான கட்டடம் எழுப்புவோர், மண்ணின் வகையைத் துளையிட்டு அறிவதோடு நில்லாமல், நுண்ணதிர்வுப் பதிவின் கிடை, செங்குத்து வீச்சுகளின் விகிதத்தைக் கொண்டு அந்த இடத்தின் அலைவு நேரத்தையும் அளந்து, கட்டடத்தின் நெகிழ்ந்த நிலை அலைவு நேரத்தோடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அளவீட்டுக்குத் தேவைப்படுவது ஒரு மும்முனை உணர்கருவியும் அரை மணி நேரமும்தான்.