"எனிக்கு பனியாணு" என்றால் குளிர் இல்லை, காய்ச்சல்!

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் வேலை செய்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளும், போக இருப்பவர்களும், அவர்கள் வீட்டாரும் ஆறுதலாக வாசிக்கவும்.

போன விடுமுறையில் கட்டாரிலிருந்து வந்த சாச்சாவின் மகன் ஒரு கதை சொன்னான். அவன் தங்கும் அறையில் நாலு பேர், மூன்று பேர் கேரளாக்காரர்கள். ஒரு நாள் இரவு பக்கத்துக் கட்டில்காரர், "எனிக்கு பனியாணு" என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தார். நம்ம ஆள் என்ன நினைத்தான்? பனி என்றால் நமக்குத் தெரியாதா, விடியக்காலையில் பேராதனைப் பக்கம் இறங்குவதுதானே! மனிசனுக்குக் குளிருது என்று ஏசியை நிற்பாட்டி, தன்னுடைய போர்வையையும் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டான். மற்ற இருவருக்கும் இரவு வேலை. காலையில் அவர்கள் வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு நெருப்பாகக் கொதித்திருக்கிறது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நல்ல வேளை, நேரத்துக்கு மருந்தெடுத்தார்கள்.

"மலையாளம் தமிழ் மாதிரித்தானே நானா, விளங்கும் என்று நினைச்சிட்டன்" என்றான். அந்த "மாதிரித்தானே" என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மாதிரிதான். ஆனால் எந்த மாதிரி என்று தெரிய வேண்டும். அதற்கு ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு ஊகிப்பது ஒன்று, ஒலி ஒன்றாகக் கேட்கிறது என்று குருட்டு நம்பிக்கையில் ஊகிப்பது வேறொன்று.

முதலில் ஒழுங்கைப் பார்ப்போம். மலையாளத்துக்கு இரண்டு விதிகளைக் கையில் வைத்திருந்தால் பாதி வழி போய்விடலாம்.

ஒன்று: நம்முடைய சொல் "ஐ" ஓசையில் முடிந்தால் அங்கே அது "அ" ஆகும். மலை - மல. தலை - தல. இலை - இல. விலை - வில. மழை - மழ. வாழை - வாழ.

இரண்டு: மூக்கொலி எழுத்தும் அதன் பின்னால் வல்லெழுத்தும் வந்தால், பெரும்பாலும் மூக்கொலி மற்றதை விழுங்கிவிடும். தேங்காய் - தேங்ங. மாங்காய் - மாங்ங. மஞ்சள் - மஞ்ஞள். கஞ்சி - கஞ்ஞி. ஒன்று - ஒன்னு. வந்து - வந்நு.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒன்று, மூன்று, கன்று என்று நாம் எழுதுகிறோம். வீட்டில் ஒண்டு, மூண்டு, கண்டு என்று பேசுகிறோம். மலையாளத்தில் ஒன்னு, மூன்னு, கன்னு. ஆகவே நம்ம வாயில் "ண்டு" வருகிற இடத்தில், எழுத்தில் "ன்று" இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்கள் வாயில் "ன்னு" வரும் என்று எதிர்பார்க்கலாம். எழுத்தில் "ன்று" இல்லாத இடத்தில் இது வேலை செய்யாது. நண்டுக்கு அவர்களும் ஞண்டு என்றுதான் சொல்வார்கள்; "ண்டு" அப்படியே நிற்கும்.

இப்போது ஒரு வசனத்தை எடுத்துப் பிரிப்போம். வேலைக்கு வராத ஒருவர் மறுநாள் சொல்கிறார்: "இன்னலெ மழ பெய்து, அதுகொண்டு ஞான் வந்நில்ல."

"மழ" முதலாம் விதிப்படி மழை. "பெய்து" என்பது பெய்தது. மழையும் பெய்தலும் பக்கத்தில் நிற்பதால் இரண்டும் சரி என்று தெரிகிறது. ஒரு சொல் மற்றச் சொல்லுக்குச் சாட்சி. "ஞான்" என்பது நான். "வந்நில்ல" இரண்டாம் விதிப்படி "வந்து" என்பதோடு "இல்லை" சேர்ந்தது: வரவில்லை. "அதுகொண்டு" நாம் அப்படிச் சொல்வதில்லை, ஆனால் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வரவில்லை, நடுவில் வேறென்ன இருக்க முடியும்? அதனால். மிச்சம் "இன்னலெ." இதைப் பார்த்தவுடன் "இன்று" என்று ஊகிக்கத் தோன்றும். அங்கேதான் சறுக்கும். இன்று என்பது மலையாளத்தில் "இன்னு." "இன்னலெ" என்றால் நேற்று. பேசுகிறவர் நடந்து முடிந்ததைச் சொல்கிறார், இன்றைக்கு வேலைக்கு வந்து நம் முன்னால் நிற்கிறார். அதை யோசித்தால் "இன்று" பொருந்தாது என்று நாமே பிடித்துவிடலாம்.

இன்னொரு கவனம். நாம் வந்தேன், வந்தான், வந்தாள் என்று பிரித்துச் சொல்கிறோம். இன்றைய மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் "வந்நு" ஒன்றுதான். யார் வந்தது என்பது வினையில் இருக்காது. ஞான், அவன், அவள் என்று முன்னால் வருவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நம்மவர்கள் வினையின் வால் வரும் வரை காத்திருந்து ஆளைத் தவறவிடுகிறார்கள்.

பனிக் கதைக்குத் திரும்புவோம். அது வேறு சொல் அல்ல, நம்முடைய அதே சொல்தான். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். குளிரிலும் நடுங்குவோம், காய்ச்சலிலும் நடுங்குவோம். நாம் ஒரு பக்கம் போனோம், அவர்கள் மறுபக்கம் போனார்கள். அதேபோல வெள்ளம் நமக்கு ஊரை அடிப்பது, அவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர். களி நமக்கு மகிழ்ச்சி, அவர்களுக்கு விளையாட்டு. வேர் ஒன்று, கிளை வேறு. உருமாறி வரும் சொல்லில் நாம் நின்று யோசிக்கிறோம். அச்சொட்டாக நம்முடைய சொல் போலவே வரும் சொல்லில் யோசிப்பதில்லை. ஆபத்து அங்கேதான்.

வடமொழியிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். "அவசரம்" என்றால் நமக்கு வேகம். மலையாளத்தில் அது வாய்ப்பு, சந்தர்ப்பம். தெலுங்கில் அது தேவை. தெலுங்கு முதலாளி ஒருவர் "அவசரம் லேது" என்றால் "ஆறுதலாகச் செய்" என்று அர்த்தமல்ல, "தேவையில்லை" என்று அர்த்தம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

தெலுங்கு கொஞ்சம் தூரத்து உறவு. அங்கே முதலில் கவனிக்க வேண்டியது, சொல்லின் கடைசியில் "உ" ஒட்டும்: கால் - காலு, ஊர் - ஊரு. அடுத்தது நம்முடைய "ழ". அது பல சொற்களில் அங்கே "ட" ஆகி நிற்கும்: ஏழு - ஏடு, கோழி - கோடி, நிழல் - நீட. தெலுங்குக்காரர் சாப்பாட்டுக் கடையில் "கோடி கூர" என்றால் கோடி ரூபாய்க் கணக்கு அல்ல, கோழிக் கறி. ஆனால் இந்த விதியை வைத்துக்கொண்டு மழையை "மட" என்று நீங்களே உருவாக்கிவிடாதீர்கள். மழைக்குத் தெலுங்கில் "வான" என்று வேறு சொல். விதி, கேட்ட சொல்லை விளங்கிக்கொள்ளத்தான். கேட்காத சொல்லை உண்டாக்க அல்ல.

இனி, சிலருக்குப் பிடிக்காமல் போகக்கூடிய ஒரு விஷயம். இப்படிச் சொற்களைக் காட்டியவுடன், "பார்த்தீங்களா சேர், எல்லாம் தமிழிலிருந்து வந்ததுதான்" என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. கன்னடத்தில் செவிக்குக் கிவி. சேரிக்குக் கேரி, அங்கே அதற்குத் தெரு என்று பொருள். சிவப்புக்குக் கெம்பு. நம்ம நகைக்கடைகளில் சொல்கிற கெம்புக்கல்லும் அந்தச் சொல்தான். இந்தச் சொற்களில் "க" தான் பழைய ஒலி, "ச" ஆக மாற்றிக்கொண்டது தமிழ் என்பது மொழியியலாளர் முடிவு. அதாவது மூத்த ஒலியைக் கன்னடம் காப்பாற்றியிருக்கிறது. தாயின் வீட்டில் தொலைந்த பொருள் மகளின் வீட்டில் மட்டும் இருக்குமா? சகோதரிகள் என்றால்தான் கணக்குச் சரிவரும். வாப்பாவின் சொத்தைப் பிரித்தபோது ஒருவருக்குக் கிடைத்தது மற்றவரிடம் இல்லாதது போல.

இது புதுக் கதையும் அல்ல. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1816இல், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் என்பவர், தெலுங்கு வடமொழியின் பிள்ளை அல்ல, தமிழோடும் கன்னடத்தோடும் ஒரே குடும்பம் என்று வேர்ச்சொற்களை வரிசையாக வைத்துக் காட்டினார். 1856இல் கால்டுவெல் அதைப் பெரிய இலக்கணமாகவே எழுதினார். இருவரும் காட்டியது "மாதிரி இருக்கிறது" என்பதை அல்ல, ஒழுங்காக ஒத்துப்போகிறது என்பதை.

அந்த வித்தியாசம் நமக்கு வீட்டு வாசலிலேயே வேண்டும். சிங்களத்தில் கடே, சல்லி, கூலிய என்று கேட்டுவிட்டு, சிங்களமும் தமிழின் தங்கச்சிதான் என்று வகுப்பில் பிள்ளைகள் சொல்வார்கள். அப்போது நான் எண்ணச் சொல்வேன். மலையாளத்தில் ஒன்னு, ரண்டு, மூன்னு, நாலு. தெலுங்கில் ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு. சிங்களத்தில் எக, தெக, துன, ஹதர. முதல் இரண்டு வரிசையும் நம்முடைய வீட்டு ஆட்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மூன்றாவது ஹிந்தியின் பக்கம் நிற்கிறது. கடையும் கூலியும் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய சாமான்கள். கடைச் சாமான், காசு, வேலை பற்றிய சொற்கள் சுலபமாகக் கைமாறும். எண்ணும், கண் காது கை காலும் அவ்வளவு சுலபமாகக் கைமாறாது. உறவா கைமாற்றா என்று பார்க்க, முதலில் அங்கே தொட்டுப் பாருங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு "நூறு மலையாளச் சொற்கள்" என்று பட்டியல் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வதை விட, மேலே சொன்ன இரண்டு மூன்று விதிகளையும், பனி, வெள்ளம், அவசரம் போன்ற ஏமாற்றுச் சொற்கள் பத்தையும் கற்றுக்கொடுப்பது மேல். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் பட்டியல் கைவிட்டுவிடும். விதி கைவிடாது. ஊகித்த பிறகு ஒரு கேள்வி கேட்கும் பழக்கமும் வேண்டும். அன்றிரவு என் தம்பி, "குளிருதா?" என்று கையைக் கட்டி நடுங்கிக் காட்டிக் கேட்டிருந்தால் போதும். அந்த மனிசன் தன்னுடைய நெற்றியைத் தொட்டுக் காட்டியிருப்பார்.

கல்ஃபில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் இப்படி மாட்டிக்கொண்ட சொற்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். யார் சொன்னது, எந்த இடத்தில், நீங்கள் என்ன விளங்கிக்கொண்டீர்கள், உண்மையில் என்ன அர்த்தம், நாலையும் எழுதுங்கள். ஏமாற்றுச் சொல் பத்துக்கு நான் இன்னும் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.