மொத்தம் சரி, ஊர் தப்பு!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாமக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 17,26,601. ஆண்கள் 8,69,280, பெண்கள் 8,57,321. மாவட்டக் கணக்கு இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. தங்கள் கிராமத்தில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் விவசாயக் கூலிகள் என்று தெரிய வேண்டுமானால், மாவட்ட மக்கள்தொகைக் கையேட்டின் இரண்டாம் பகுதியைத் திறக்க வேண்டும்.

அது பி.டி.எஃப். கோப்பு. மாவட்டத்தின் 15 ஊராட்சி ஒன்றியங்களில் உள்ள கிராமங்களும் அதில் வரிசையாக வருகின்றன. அட்டவணை இரண்டு திசையில் நீள்கிறது. கிராமங்கள் அதிகம் என்பதால் கீழ்நோக்கிப் பல பக்கங்கள் ஓடுகிறது. தகவல்கள் அதிகம் என்பதால் ஒரே கிராமத்தின் வரி, பக்கத்துப் பக்கத்துக்கும் தாண்டுகிறது. மக்கள்தொகை ஒரு பக்கம் என்றால், வேலை செய்வோர் விவரம் அடுத்த பக்கம். இதை ஒரே எக்செல் தாளாக்குவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

எடுப்பது எளிது

பி.டி.எஃப்.பில் உள்ள எழுத்தை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முடிந்தால் அட்டவணையை நேரடியாக எடுக்கலாம். இதற்கு Tabula என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு பக்கத்தில் அட்டவணையைச் சுற்றிக் கட்டம் போட்டு, அதே கட்டத்தை மற்ற பக்கங்களுக்கும் வைத்து, சி.எஸ்.வி. கோப்பாக இறக்கலாம். கணினியில் புதிய எக்செல் இருப்பவர்கள் Data, Get Data, From File, From PDF என்று போனால் போதும்.

கட்டம் போடுவதில் ஒரு கவனம் தேவை. முதல் பக்கத்தில் பெரிய தலைப்பு இருப்பதால் அட்டவணை கீழே தள்ளி ஆரம்பிக்கும். அடுத்த பக்கங்களில் மேலேயே ஆரம்பித்துவிடும். ஒரே கட்டத்தை எல்லாவற்றுக்கும் வைத்தால், சில பக்கங்களில் முதல் வரியோ கடைசி வரியோ சத்தமில்லாமல் விழுந்துவிடும். கண்டுபிடிக்கும் வழி வரிசை எண். 41, 42, 44 என்று எங்கே எண் தாவுகிறதோ, அங்கே ஒரு கிராமம் காணாமல் போயிருக்கிறது.

கீழே சேர்ப்பது வேறு, பக்கவாட்டில் சேர்ப்பது வேறு

எடுத்த பக்கங்களை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். இடப்பக்கங்கள் எல்லாம் ஒன்று, வலப்பக்கங்கள் எல்லாம் இன்னொன்று. ஒவ்வொரு குவியலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். எக்செல்லில் இதன் பெயர் Append. அடுக்கியதும், ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் தலைப்பு வரியையும், அதன்கீழ் 1, 2, 3 என்று வரும் பத்தி எண் வரியையும் நீக்க வேண்டும். முதல் தலைப்பு மட்டும் இருந்தால் போதும்.

அடுத்தது, இரண்டு குவியலையும் பக்கவாட்டில் இணைப்பது. இதன் பெயர் Merge. அவசரப்பட்டு வலப்பக்கத்தை அப்படியே நகலெடுத்து இடப்பக்கத்தின் ஓரத்தில் ஒட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியீட்டு எண் உண்டு. அது இரண்டு பக்கத்திலும் அச்சாகியிருந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் இணைக்க வேண்டும். ஊர்ப் பெயரை நம்பக்கூடாது. புதுப்பாளையம் போன்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரும். வலப்பக்கத்தில் குறியீடு இல்லாத அட்டவணை என்றால், இரண்டு குவியலையும் சுத்தம் செய்த பிறகு, எந்த ஜோடிப் பக்கம், அதில் எத்தனையாவது வரி என்று இரண்டிலும் எண் கொடுத்து, அதை வைத்து இணைக்கலாம்.

ஒட்டினால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு மூன்று கிராமங்கள். மக்கள்தொகை 2140, 3085, 1760 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஊரின் பெயர் நீளமாக இருப்பதால் இரண்டு வரியாக மடங்கி அச்சாகியிருக்கிறது. எடுக்கும் மென்பொருள் அந்த மடிப்பைத் தனி வரியாக நினைத்துக்கொள்கிறது. இப்போது இடப்பக்கத்தில் நான்கு வரி, வலப்பக்கத்தில் மூன்று வரி. மூன்றாவது ஊரின் தொழிலாளர் எண்ணிக்கை அந்த வெற்று வரிக்குப் போய்விடும். அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊரின் கணக்கைச் சுமக்கும்.

இதில் ஆபத்து என்னவென்றால், பத்தியின் மொத்தம் மாறவே மாறாது. எண்கள் எல்லாம் இருக்கின்றன, இடம்தான் மாறியிருக்கின்றன. மொத்தம் சரி என்று நிம்மதியாக மூடிவிடுவார்கள். அந்தத் தாளைப் பார்த்துக் கிணறோ பள்ளியோ கேட்டு மனு எழுதும் ஊருக்கு, பக்கத்து ஊரின் எண்ணிக்கை போய்ச் சேரும்.

சரியா என்று அட்டவணையே சொல்லும்

நல்லவேளை, இந்த அட்டவணைக்குள்ளேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஆண், பெண் கூட்டினால் மொத்த மக்கள்தொகை வர வேண்டும். முழுநேரத் தொழிலாளர், குறுகிய காலத் தொழிலாளர், வேலை செய்யாதோர் மூன்றையும் கூட்டினாலும் அதே மக்கள்தொகைதான் வர வேண்டும். தாளின் ஓரத்தில் இரண்டு பத்தி சேர்த்து இப்படிப் போடலாம். இங்கே E மக்கள்தொகை, F ஆண், G பெண்; P, Q, R மூன்றும் வேலை விவரங்கள்.

```
=E2-F2-G2
=E2-P2-Q2-R2
```

இரண்டிலும் எல்லா வரிக்கும் பூஜ்யம் வர வேண்டும். முதல் சூத்திரம் தவறினால், அந்த வரியில் ஏதோ ஒரு எண் பக்கத்துப் பத்திக்கு நகர்ந்திருக்கிறது. இரண்டாவது மட்டும் தவறினால், பக்கங்கள் இணைந்த விதம் தவறு. மேலே சொன்ன உதாரணத்தில் முதல் இரண்டு வரியில் பூஜ்யம் வரும். வெற்று வரியில் -1760 வரும். அங்கிருந்து கீழே வரிசையாகப் பூஜ்யம் இல்லாத எண்கள்தான். பூஜ்யம் உடைகிற முதல் வரிதான் கோளாறு தொடங்கிய இடம்.

கடைசியாக மொத்தம். மாவட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் மொத்தம், ஊரகம், நகரம் என்று மூன்று வரிகள் அச்சாகியிருக்கும். மாவட்டத்தின் அந்த மூன்று வரியைக் கூட்டினாலே 34,53,202 வந்துவிடும். அது சரியாக இரண்டு மடங்கு. அதனால் கூட்டு வரிகளுக்குத் தனிப் பத்தியில் ஓர் அடையாளம் வைத்து, கிராமங்களையும் நகரங்களையும் மட்டும் கூட்ட வேண்டும். 17,26,601 வந்தால் எந்த ஊரும் விடுபடவில்லை. ஆள் இல்லாத கிராமங்களில் எண்ணுக்குப் பதில் ஒரு சொல் மட்டும் இருக்கும். அதைப் பிழை என்று நினைத்து அழித்துவிடக்கூடாது.

2011 விவரங்கள் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் எக்செல் வடிவிலும் கிடைக்கின்றன. எனவே அந்த ஆண்டுக்கு இத்தனை பாடு தேவையில்லை. பழகுவதற்கும் விடை சரிபார்ப்பதற்கும் அது நல்ல இடம். பழைய கையேடுகளுக்குப் போகும்போதுதான் இந்த வேலை உண்மையில் தேவைப்படும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல். அதனால் 1991-லும் அதற்கு முன்பும் ராசிபுரம், திருச்செங்கோடு கிராமங்களைச் சேலம் கையேட்டில்தான் தேட வேண்டும். தருமபுரி 1965-ல் பிரிந்தது. 1961 சேலம் கணக்கில் அதுவும் அடக்கம். பழைய பக்கங்கள் ஸ்கேன் செய்த படங்கள் என்றால், எழுத்துணரி மென்பொருள் 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படிக்கும். அதையும் பிடித்துக் கொடுப்பது ஆண், பெண் கூட்டும் அதே சின்னக் கழித்தல்தான்.